கொட்டாவியில் தொடங்கும் தலையிடி

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தலையிடி இருக்கிறது. அம்மாவுக்கு இருந்தது. எனக்கு இருக்கிறது. இப்போது 15 வயதான என் மகளுக்கும் வந்துவிட்டது. 2009இல் செட்டிகுளம் முகாமில் அம்மா தறப்பாளுக்குக் கீழே தலையில் சீலைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. தறப்பாளுக்குள் இருட்டும் இல்லை, அமைதியும் இல்லை. "யோசிச்சு யோசிச்சுத்தான் மனுசிக்குத் தலையிடிக்குது" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். எல்லோருக்கும் யோசிக்க நிறைய இருந்த காலம் அது.

அது மைக்ரேன் என்று எனக்குத் தெரியவந்தது பல வருடங்களுக்குப் பிறகு, என் தலையிடிக்காக கிளினிக்குக்குப் போனபோதுதான். ஒற்றைத் தலையிடி என்று நாங்கள் சொல்லும் அதே வருத்தம்தான். ஆனால் அந்தப் பெயர் பாதியைத்தான் சொல்கிறது. இடி இந்த வருத்தத்தின் ஒரு கட்டம் மட்டுமே. அதற்கு முன்னும் பின்னும் வேறு கட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தாக்குதல் மூன்று நாலு நாட்கள்கூட நீளலாம்.

இதை விளக்க எனக்கு வந்த ஒரு தாக்குதலையே எடுத்துக்கொள்கிறேன். நான் ஒரு பாடசாலை ஆசிரியை. அது தவணைப் பரீட்சை முடிந்திருந்த ஒரு கிழமை.

புதன்கிழமை: கொட்டாவியும் பனங்கட்டியும்

புதன் பின்னேரம் மூன்றரை மணியளவில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கொட்டாவி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முதல் நாள் இரவு நன்றாகத்தான் நித்திரை கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு தரம் சிறுநீர் கழிக்கப் போய்வந்தேன். பிறகு இனிப்புக்கு ஒரு ஆசை வந்தது. அது பசி இல்லை. கை தானாகப் பனங்கட்டிப் போத்தலுக்குப் போனது. பிளேன்டீயுடன் நாலு துண்டு தின்றேன். பின்கழுத்து இறுகியது. மகள் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். டியூப்லைட் வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துவரவில்லை.

அடுத்த நாள் இடி வந்ததும் அம்மா சொன்னது ஒன்றுதான்: "நேற்று அவ்வளவு பனங்கட்டி தின்டனி, அதான் இந்தக் குத்து." இதைத்தான் பலரும் சொல்லுவார்கள். சொக்லேட் சாப்பிட்டதால் வந்தது, இனிப்புச் சாப்பிட்டதால் வந்தது என்று. ஆனால் பெரும்பாலும் காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிவிடுகின்றன. பனங்கட்டியைத் தின்றதால் மைக்ரேன் வரவில்லை. மைக்ரேன் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அது தொடங்கியதால்தான் எனக்கு இனிப்பு வேண்டியிருந்தது.

மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. பசி, தாகம், நித்திரை, உடல் வெப்பம் எல்லாவற்றையும் சமப்படுத்துவது அது. ஜேர்மனியில் ஆய்வாளர்கள் ஒரு மைக்ரேன் நோயாளியின் மூளையை முப்பது நாட்களாக நாள்தோறும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அந்த முப்பது நாளுக்குள் அவருக்கு மூன்று தாக்குதல்கள் வந்தன. இடி தொடங்குவதற்கு முந்திய நாளிலேயே ஹைபோதலமஸின் செயற்பாடு மாறியிருந்ததை அவர்கள் கண்டார்கள். அந்த ஆய்வு 2016இல் வெளியானது. நோயாளி ஒருவர்தான் என்பதால் அதை மட்டும் வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் கொட்டாவி, இனிப்பு ஆசை, அடிக்கடி சிறுநீர், எரிச்சல் எல்லாம் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதற்கு அது பொருத்தமான விளக்கமாக இருக்கிறது.

இந்த முன்கட்டம் சில மணித்தியாலங்கள் இருக்கலாம், இரண்டு நாள் வரையும் நீளலாம். எல்லோருக்கும் வருவதில்லை. வருபவர்களுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. ஒருவருக்குக் கொட்டாவி, இன்னொருவருக்குக் கழுத்துப் பிடிப்பு, வேறொருவருக்குச் சொற்கள் தடுமாறும். ஆனால் ஒரு ஆளுக்குப் பெரும்பாலும் அதே அறிகுறிகள்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் கொப்பியில் குறித்து வைப்பது பயன்படுகிறது. என் கொப்பியில் மூன்று மாதம் எழுதிய பிறகுதான் கொட்டாவியும் கழுத்துப் பிடிப்பும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மறுநாள் இடி வருகிறது என்பதைக் கண்டுபிடித்தேன்.

வியாழன் காலை: கண்ணுக்குள் ஒரு மினுக்கம்

வியாழன் 9.40 மணிக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு எழுத்தின் நடுப்பகுதி காணாமல் போனது. கண்ணைக் கசக்கினேன், மாறவில்லை. அந்த இடத்தில் சிறிய மினுக்கம் ஒன்று தோன்றியது. அது மெல்ல மெல்லக் கோணல்மாணலான கோடாகி, பிறைபோல வளைந்து, பார்வையின் ஓரத்தை நோக்கி நகர்ந்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது. பிறகு இடது கை விரல் நுனிகளில் விறைப்பு வந்தது. அது உள்ளங்கைக்கும், அங்கிருந்து உதட்டுக்கும் ஏறியது. அரை மணித்தியாலத்தில் எல்லாம் மறைந்துவிட்டது.

வைத்தியர்கள் இதை அவுரா என்று சொல்வார்கள். மைக்ரேன் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே இது வருகிறது. மற்றவர்களுக்கு முன்கட்டத்திலிருந்து நேரே இடிதான்.

கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளருக்கு இந்த மினுக்கம் வருவதுண்டு. அவர் அது நகர நகரத் தாளில் வரைந்து வைத்தார். அதிலிருந்து கணக்கிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று 1941இல் எழுதினார். மூன்று வருடங்கள் கழித்து லியாவோ என்ற பிரேசில் நாட்டு ஆய்வாளர் முயலின் மூளையில் அதே வேகத்தில் பரவும் ஓர் அலையைக் கண்டார். அலை போகும் இடத்தில் நரம்புக் கலங்கள் முதலில் துடித்தெழுகின்றன, பிறகு சில நிமிடங்களுக்கு அடங்கிக் கிடக்கின்றன. துடிப்பது மினுக்கமாகத் தெரிகிறது. அடங்குவது கருமையாகத் தெரிகிறது. அலை மெல்ல ஊர்வதால்தான் விறைப்பும் விரலிலிருந்து உதட்டுக்கு மெல்ல ஏறுகிறது.

இந்த மெதுவான நகர்வு முக்கியமானது. பக்கவாதத்தில் பெரும்பாலும் எல்லாம் ஒரே நேரத்தில், திடீரென்று நடக்கும். பார்வையோ கையின் பலமோ சட்டென்று இல்லாமல் போகும். அவுராவில் அறிகுறி ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துப் பரவும், ஒவ்வொரு அறிகுறியும் ஒரு மணித்தியாலத்துக்குள் மறையும். ஆனால் இந்த வித்தியாசத்தை வைத்து வீட்டில் நாங்களே முடிவெடுக்கக் கூடாது. முதல் தடவை இப்படி வந்தாலும், ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினாலும், கை கால் பலமிழந்தாலும், வாய் கோணினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசு இல்லை.

என் அயலில் உள்ள ஓர் அக்கா தனக்கு வரும் மினுக்கத்தைப் பற்றிப் பல வருடங்கள் யாருக்கும் சொல்லவில்லை. "செல் விழுந்து வெடிக்கிற வெளிச்சம் மாதிரி இருக்கும். சொன்னால் எனக்கு மண்டை பிழை எண்டு நினைப்பினம்" என்றார். பழைய நினைவு திடீரென்று வந்து ஆளைத் தூக்கிப் போடுவது எங்களில் பலருக்கு நடக்கிறது. அதற்குத் தனியான உதவி தேவை. ஆனால் பார்வையில் ஓரிடத்தில் தொடங்கி, கோணல் கோடாக வளர்ந்து, அரை மணித்தியாலத்தில் மறைந்து, பின்னால் இடியும் வந்தால் அது வேறு. அந்த அக்காவுக்கு இருந்தது அவுரா. இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். போரின் பாதிப்பு மனதில் ஆழமாக இருப்பவர்களிடம் மைக்ரேன் கூடுதலாகக் காணப்படுகிறது. அதற்காக இந்த இடி கற்பனை என்று ஆகிவிடாது.

அவுரா உள்ள பெண்கள் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கமுன் அதைத் தாதிக்கோ வைத்தியருக்கோ சொல்லவேண்டும். ஈஸ்ரஜன் கலந்த குளிசை அவர்களுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும். வேறு முறைகள் இருக்கின்றன.

வியாழன் பகல்: இடி

பத்தேகாலுக்கு வலது நெற்றிப்பொட்டில் மெல்லிய குத்து தொடங்கியது. அப்போது அது பெரிய வருத்தம் இல்லை. அந்த நேரம்தான் மிகவும் பெறுமதியான நேரம் என்பது எனக்கு அன்று தெரியாது. "இதைத் தாங்கலாம், இன்னும் இரண்டு பாடம்தானே" என்று இருந்துவிட்டேன். பதினொன்றரைக்கு நாடித் துடிப்போடு சேர்ந்து இடித்தது. மாடிப்படி ஏறியபோது ஒவ்வொரு படியும் தலைக்குள் விழுந்தது. பிள்ளைகளின் சத்தமும் முற்றத்து வெயிலும் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டின் மணம் குமட்டியது. ஒரு மணிக்கு இரண்டு குளிசை போட்டேன். அரை மணித்தியாலத்தில் சத்தி எடுத்துவிட்டேன்.

இடி நேரத்தில் முகத்துக்கும் தலைக்கும் உணர்வு கொண்டுவரும் பெரிய நரம்பு தூண்டப்படுகிறது. மூளையைச் சுற்றியுள்ள உறையின் இரத்தக் குழாய்களைச் சுற்றி அந்த நரம்பு நுனிகள் சில இரசாயனங்களை வெளிவிடுகின்றன. அதனால் இரத்தக் குழாயின் சாதாரணத் துடிப்பே இடியாக உணரப்படுகிறது. அதே நேரம் இரைப்பை மந்தமாகிவிடுகிறது. விழுங்கிய குளிசை குடலுக்குப் போகாமல் இரைப்பையிலேயே கிடக்கிறது. பிந்திப் போடும் மருந்து வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அன்று பின்னேரம் தலை சீவ முடியவில்லை. தோடு கழற்ற வேண்டியிருந்தது. வலது கன்னத்தைத் தலையணையில் வைக்கவும் முடியவில்லை. தோலில் எந்தக் காயமும் இல்லை. தொடர்ந்து வரும் வலிச் செய்தியால் மூளையில் உள்ள நரம்புக் கலங்களே கூர்மையாகிவிட்டன, அதனால் சாதாரணத் தொடுகையும் நொந்தது. இந்த நிலை வந்த பிறகு வலியை இறக்குவது கடினம். தலை சீவ நோகத் தொடங்கிவிட்டது என்றால் மருந்துக்கான நல்ல நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எனவே மருந்து எப்போது எடுப்பது? கொட்டாவி வந்ததும் அல்ல. எல்லாக் கொட்டாவியும் இடியில் முடிவதில்லை, கொட்டாவிக்கெல்லாம் குளிசை போட்டால் குளிசையே வருத்தமாகிவிடும். இடி தொடங்கி, அது இன்னும் சின்னதாக இருக்கும்போது, முழு அளவில் எடுக்கவேண்டும். என் வைத்தியர் எனக்கு வலிக்குளிசையோடு குமட்டலுக்கான குளிசையும் எழுதித் தந்தார். அது இரைப்பை வேலை செய்யவும் உதவுகிறது. பரசிட்டமோல் என்றால் வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது. நிறை குறைந்தவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்கவேண்டும். ஐபுபுரூபன், அஸ்பிரின் போன்றவையும் பலருக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் அவற்றை எடுக்கக் கூடாது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. தலையிடியோடு காய்ச்சலும் இருந்தால் இவை இரண்டையும் தொடவே வேண்டாம். அது டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

மருந்து எடுக்காவிட்டால் இந்தக் கட்டம் 4 மணித்தியாலத்திலிருந்து 72 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். எனக்கு அன்று வெள்ளி அதிகாலை நாலு மணிவரை நீடித்தது. பிறகு நித்திரை வந்தது.

வெள்ளிக்கிழமை: இடி போனபின்

எழும்பியபோது இடி இல்லை. ஆனால் பிழிந்து காயப்போட்ட துணிபோல இருந்தேன். குனிந்தால், சட்டென்று தலையைத் திருப்பினால், முன்பு இடித்த இடத்தில் ஒரு நோ எழுந்து மறைந்தது. கழுத்து இன்னும் இறுக்கம். பாடசாலைக்குப் போனேன். ஒரு மாணவியின் பெயர் வாயில் வரவில்லை. கூட்டல் கணக்கொன்றை இரண்டு தரம் பிழையாகப் போட்டேன். "நேற்று லீவு கேட்டுப் போனீங்கள், இப்ப சுகம்தானே டீச்சர்?" என்று கேட்டார்கள். சுகம் என்றுதான் சொன்னேன், வேறென்ன சொல்வது?

இது பின்கட்டம். சிலருக்குச் சில மணித்தியாலம், பலருக்கு ஒரு நாள், சில வேளை இரண்டு நாள். பெரும்பாலானவர்களுக்குக் களைப்பு, ஒன்றில் கவனம் வைக்க முடியாமை, கழுத்து இறுக்கம். ஒரு சிலருக்கு இதற்கு மாறாக மனம் லேசாகி உற்சாகமாக இருக்கும். மூளை இன்னும் வழமைக்குத் திரும்பவில்லை என்பதே விசயம். இந்த நாளில் குளிசை போட்டும் பயனில்லை, ஏனென்றால் அடக்குவதற்கு அங்கே இடி இல்லை. நேரத்துக்குச் சாப்பாடும், தண்ணியும், இரவில் வழமையான நேரத்துக்கு நித்திரையும்தான் தேவை. லீவால் தேங்கிய வேலையை எல்லாம் அன்றே முடிக்கப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டை விட்டு, இரவு விழித்திருந்த நாட்களில் எனக்கு அடுத்த தாக்குதல் விரைவில் வந்திருக்கிறது. சனிக்கிழமைதான் நான் நானாக இருந்தேன்.

அம்மாவின் காலைக் குளிசை

அம்மாவின் கதை வேறு விதமாகப் போனது. முகாமிலிருந்து வந்த பிறகு அவருக்கு இடி அடிக்கடி வந்தது. வரும் என்ற பயத்திலேயே தினமும் காலையில் இரண்டு குளிசை போடப் பழகினார். சில வருடங்களில் தலை நோகாத நாளே இல்லாமல் போனது. குத்தும் இடி மாறி, விடியும்போதே தலை முழுக்கப் பாரமாக இருந்தது. குளிசை போட்டால் கொஞ்சம் இறங்கும், அடுத்த நாள் காலை திரும்ப வரும்.

அது மருந்தால் வந்த தலையிடி. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலிக்குளிசையை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துவந்தால் இப்படி ஆகலாம். கோடீன் சேர்ந்த குளிசைகளுக்கும், மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகைக்கும் அந்த எல்லை 10 நாள்தான். மைக்ரேன் உள்ளவர்களுக்கே இது அதிகம் வருகிறது. எனவே நாட்களை எண்ணுங்கள், குளிசைகளை அல்ல. மாதத்தில் நாலைந்து நாளுக்கு மேல் மருந்து தேவைப்பட்டால், இடியை வரவிடாமல் தடுக்கும் வேறு மருந்துகள் பற்றி வைத்தியரிடம் கேட்கலாம். அவை நாளாந்தம் எடுப்பவை, பலன் தெரியச் சில கிழமைகள் ஆகும்.

அம்மா வைத்தியரின் மேற்பார்வையில் குளிசையை நிறுத்தினார். முதல் கிழமை அவருக்குப் பொல்லாத கிழமை. இடி கூடியது, நித்திரை இல்லை, "என்னைக் கொல்லப் பாக்கிறியளோ" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் மாதத்துக்கு மூன்று நாலு தாக்குதல் என்ற அளவுக்கு வந்தது. அவற்றுக்கு நடுவில் தலை நோகாத காலைகள் திரும்பிவந்தன.

வைத்தியரிடம் போகும்போது எங்கள் ஆட்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. தலையில் முன்பு காயம் பட்டிருந்தால், உடம்பில் எங்காவது செல் துண்டு இருந்தால், அதைக் கேட்காமலே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காந்தத்தால் வேலை செய்வது. உள்ளே உள்ள இரும்புத் துண்டு அதில் அசையக்கூடும், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் என்றால் அது ஆபத்து. அதோடு, எல்லாத் தலையிடியும் மைக்ரேன் அல்ல. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் இடி, காய்ச்சலோடு கழுத்து விறைக்கும் இடி, தலையில் அடிபட்ட பின் வந்த இடி, 50 வயதுக்குப் பிறகு முதல் தடவையாக வரும் இடி, கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டே போகும் இடி ஆகியவற்றுக்கு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

மகள்

சென்ற தவணை மகள் படிக்க உட்கார்ந்ததும் கொட்டாவி விட்டாள். ரின்பாலைக் கரண்டியால் அள்ளித் தின்றாள். "படிக்கச் சொன்னால் மட்டும் நித்திரை வருது" என்று ஏசினேன். மறுநாள் பாடசாலையிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். நெற்றி முழுவதும் இடித்தது, சத்தி எடுத்திருந்தாள். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம் இல்லாமல் இரண்டு பக்கமும் இடிக்கும், பெரியவர்களைவிட விரைவில் முடிந்தும் விடும். அதனால்தான் "வீட்டுக்கு வந்ததும் சுகமாயிட்டுது, பள்ளிக்கூடக் கள்ளம்" என்ற பெயரும் விரைவில் கிடைத்துவிடுகிறது.

இப்போது அவளுக்கும் ஒரு கொப்பி இருக்கிறது. கொட்டாவி தொடர்ந்தால் நான் ஏசுவதில்லை. "கழுத்துப் பிடிக்குதா?" என்று கேட்கிறேன். ஓம் என்றால் அன்றிரவு அவள் நேரத்தோடு சாப்பிட்டுப் படுக்கிறாள். அவளுக்கென்று வைத்தியர் எழுதிய குளிசை புத்தகப் பையில் இருக்கிறது, வகுப்பாசிரியைக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். இடி இன்னும் வருகிறது. ஆனால் போன தடவை அது தொடங்கிய உடனேயே எடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் இருட்டறையில் படுத்து எழும்பினாள். அம்மம்மா அவளுக்குப் பக்கத்தில் யன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சம் வராமல் இருந்தார்.